செட்டு மாத்திரைக்குப் பெயர் வேண்டும்: டெல்டா மாவட்ட மருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் மருந்தாளுநர்களும் செவிலியர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பல மாத்திரைகளைப் பெயரில்லாமல் ஒரே காகிதத்தில் மடித்துத் தரும் செட்டு மாத்திரையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அது எவ்வளவு போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரத்தில் ஒரு கடைத்தெருவில் ஆய்வு நடந்தது. மருந்து ஃபிரிட்ஜில் வெப்பநிலை சரியா என்று பார்த்தார்கள். காலாவதியான சரக்கைத் தனியே வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஹெச்1 பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது, குறை சொல்ல மாட்டோம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய, முன்கூட்டியே மடித்து வைத்த காகிதப் பொட்டலங்கள் இருந்தன. அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆய்வு நடக்கும்போதே அதிலிருந்து விற்பனையும் ஆனது.

எங்கள் கோரிக்கை அந்த டப்பாவைப் பற்றியதுதான். வலி மாத்திரையும் சளி மாத்திரையும் பெயர் தெரியாத பொட்டலத்தில் விற்கப்படக் கூடாது. மாத்திரையின் பெயர், அளவு, காலாவதி தேதி ஆகியவை வாங்குபவர் கையில் போய்ச் சேர வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தால் பெரும்பாலும் இருப்பது இவைதான். அசிகுளோஃபினாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை ஒன்று, அல்லது டைக்குளோஃபினாக் 50. வயிறு எரியாமலிருக்க ஒரு அல்சர் மாத்திரை. கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற மிகச் சிறிய ஸ்டீராய்டு மாத்திரை. "அந்தக் கடை மருந்துதான் நமக்குக் கேட்குது" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் இந்தச் சிறியதுதான். மூக்கு ஒழுகுகிறது என்றால் ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை ஒன்றும் சேரும். அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும்.

இதில் உள்ள சங்கடம் எங்கே வந்து முட்டுகிறது என்பதைச் சொல்கிறோம். இது தனி ஒருவரின் கதை அல்ல. பருவந்தோறும் பலரிடம் பார்ப்பதை ஒரே ஆளாக்கிச் சொல்கிறோம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், நடவு ஆள். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, அதோடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், பிரஷர் 134/84. நடவு தொடங்குகிறது. முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. காலை, இரவு இரண்டு வேளை செட்டு மாத்திரை. மூன்றாவது வாரம் மாதாந்திர மாத்திரை வாங்க வருகிறார். பிரஷர் 158/96. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க, உடம்பு வலிக்குச் செட்டு மாத்திரைதான்" என்று பதில் வரும். அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. என்ன மாத்திரை என்று கேட்டால் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. காகிதம் அடுப்புக்குப் போயிருக்கும். மருத்துவர் எதை நிறுத்தச் சொல்வார்? நிறத்தை வைத்து நிறுத்த முடியாது. ஆகவே பிரஷர் மாத்திரை போதவில்லை என்று முடிவுசெய்து அம்லோடிபின் 5 சேர்க்கிறார். அம்லோடிபினுக்கே சிலருக்குக் கால் வீங்கும் குணம் உண்டு. இனி அந்த வீக்கம் எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நடவு முடிகிறது, செட்டு மாத்திரை நிற்கிறது. ஏற்றிய மருந்து மட்டும் நிற்கவில்லை. இப்போது பிரஷர் தேவைக்குக் கீழே இறங்கி, குனிந்து நிமிரும்போது கண் இருட்டுகிறது. வரப்பில் விழுந்தால் "வயசாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பெயர் தெரிந்திருந்தால் இவ்வளவும் இல்லை. வலி மாத்திரையை நிறுத்தி ஓரிரு வாரம் கழித்து மறுபடி பிரஷர் பார்த்திருந்தாலே பல பேருக்கு விஷயம் வெளிச்சமாகியிருக்கும்.

அசிகுளோஃபினாக், டைக்குளோஃபினாக் போன்ற வலி மாத்திரை என்ன செய்கிறது என்பதை வாய்க்கால் தெரிந்தவர்களுக்கு ஒரே உதாரணத்தில் சொல்லிவிடலாம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் வரத்து மதகு ஒன்று, வெளியேறும் மதகு ஒன்று. வரத்து மதகைத் திறந்து வைப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. வலி மாத்திரை அந்தப் பொருள் உருவாவதையே தடுக்கிறது. வலி குறைவதும் அதனால்தான், வரத்து மதகு இறங்குவதும் அதனால்தான். உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே தங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. சராசரியாகப் பார்த்தால் ஏற்றம் 5 புள்ளி அளவுதான். ஆனால் ஏற்கெனவே பிரஷர் உள்ளவருக்கு, கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்தால், சராசரி எங்கே கேட்கும்? டெல்மிசார்டன், எனலாபிரில் போன்றவற்றின் வேலையையும் நீர் மாத்திரையின் வேலையையும் இது நேரடியாகக் கெடுக்கிறது. அம்லோடிபினை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. டெல்மிசார்டன் வெளியேறும் மதகைத் தளர்த்தி வைக்கிறது. நீர் மாத்திரை மொத்த வரத்தையே குறைக்கிறது. அதற்கு மேல் வலி மாத்திரை வரத்து மதகையும் இறக்கினால், வடிகட்ட வேண்டிய அழுத்தமே இல்லாமல் போகும். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருப்பவருக்குச் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துக்கொள்ளக்கூடும். நடவுப் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்காதீர்கள். திறந்த வயலில் ஒதுங்க இடம் ஏது? சிறுநீர் குறைவது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது ஆகியவைதான் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது இதயம் திணறுவதன் அறிகுறி. வலி மாத்திரைகள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன என்று 2013-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. டைக்குளோஃபினாக்கை அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் மாரடைப்பு போன்றவை மூன்றில் ஒரு பங்கு கூடுவதும் அதில் தெரிந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்து அமைப்பு, இதய நோயாளிகளுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் டைக்குளோஃபினாக் தரவே கூடாது என்றது. இப்போது நம் கடைகளில் "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்று நகர்கிற எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை, பிரஷர் 140/90-க்கு மேல் கட்டுக்கடங்காமல் இருந்தால் அங்கே தடை செய்யப்பட்டது. இங்கே தருவதற்கு முன் பிரஷர் பார்ப்பவர் யார்?

சளி மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கி வேலை செய்ய வேண்டும். வாய்வழி 10 மில்லிகிராம் எடுத்தால் மூக்கில் பலனே தெரிவதில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பலன் இல்லாததற்காகப் பிரஷர்காரர் ரத்தக் குழாயைச் சுருக்கிக்கொள்வது எதற்கு? உப்புநீர்ச் சொட்டும் ஆவியும் போதும்.

டைக்குளோஃபினாக், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் ஹெச் அட்டவணையில் இருப்பவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. நாங்கள் கேட்பது சட்டம் கேட்பதைவிடக் குறைவு என்பதையும் கவனியுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே தெருமுனையில், அதை உடைக்கும் மாத்திரை டீ, வடை விலைக்குக் கிடைக்கிறது. ஒரு துறை இறக்க, இன்னொரு துறை கண்ணை மூடிக்கொள்ள, பிரஷர் ஏறி இறங்கி விளையாடுகிறது. புறநோயாளி நேரம் காலையில், நடவும் காலையில். மாலை ஆறு மணிக்குக் கால் கழுவி வருபவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு மெடிக்கல்தான். இந்த நேரத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் கடையை மூடச் சொல்லவில்லை. பெயர் இல்லாத பொட்டலம் வேண்டாம் என்கிறோம். மாத்திரையை அட்டையோடு வெட்டட்டும். பெயரும் காலாவதி தேதியும் அச்சான முனையைக் கடையில் நிறுத்திக்கொள்ளாமல் அதையே முதலில் கொடுக்கட்டும். முடியாவிட்டால் காகிதத்தின் மேல் பேனாவால் பெயரையும் அளவையும் எழுதட்டும். பில்லில் "மாத்திரை செட்" என்று போடாமல் மருந்தின் பெயரைப் போடட்டும். கொடுக்குமுன் ஒரே கேள்வி: "பிரஷர், இதயம், கிட்னிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" ஆமாம் என்றால் பாராசிட்டமால் 500 மட்டும், தேவைப்பட்டால் வேளைக்கு இரண்டு, நாளுக்கு ஆறுக்கு மேல் போகாமல், சில நாட்களுக்கு. ஈரல் கோளாறோ குடிப் பழக்கமோ இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான். பிரஷர் உள்ளவர்கள் நாளுக்கு நான்கு கிராம் வீதம் இரண்டு வாரம் தொடர்ந்தால் பாராசிட்டமாலும் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றுகிறது என்று 2022-இல் எடின்பரோ ஆய்வு காட்டியிருக்கிறது, அதையும் சொல்லட்டும். முழங்காலுக்கு டைக்குளோஃபினாக் ஜெல் தடவலாம். ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதைவிட மிகக் குறைவு. ஸ்டீராய்டைச் சீட்டில்லாமல் யாருக்கும் தர வேண்டாம்.

சம்பா நடவு சூடுபிடிக்கும் முன், நான்கு மாவட்டங்களிலும் உள்ள சில்லறை மருந்துக் கடைகளுக்கு இதை ஒரு பக்கச் சுற்றறிக்கையாகத் தமிழில் அனுப்புங்கள். உங்கள் ஆய்வுப் படிவத்தில் "பெயரற்ற பொட்டலங்கள் உள்ளனவா" என்று ஒரு வரி சேருங்கள். சுற்றறிக்கையை எழுதித் தர வேண்டுமென்றால் எங்களில் யாரும் எழுதித் தருகிறோம். தயவுசெய்து ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட மருந்தாளுநர்கள், செவிலியர்கள் சிலர்