லீவு பாரத்தில் யார் கையெழுத்து?

பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சரக்கில் 12 சுருள் பேக்கிங் பிளாஸ்டிக் குறைந்ததாக ஸ்டோர் கிராணிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். அன்றைக்கு நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

காலை 10 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து கணக்குப் பிரிவு மேலாளர் வாட்ஸ்அப்பில் சொன்னார்: "சரக்கு எண்ணி முடியும்வரை எதுவும் வெளியே போகக்கூடாது." 11.15க்கு உற்பத்தி மேலாளர் நேரில் வந்து நின்றார். "லைன் நிற்கிறது, 3 மணிக்கு லோரி வரும், 12 சுருள் கொடு." கிராணி கோலாலம்பூருக்கு இரண்டு முறை அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. சரி, எதிரில் நிற்பவர் பேச்சைத்தானே கேட்க முடியும்? கொடுத்துவிட்டார். எண்ணிக்கைக்காகக் கணினிப் பதிவைப் பூட்டி வைத்திருந்ததால் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மதியம் எண்ணினால் 12 குறைகிறது. கொடுக்காமல் இருந்திருந்தால் அதே கடிதம் உற்பத்திப் பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

நிறுவன வரைபடத்தில் அவர் பெயரிலிருந்து உற்பத்தி மேலாளருக்கு முழுக்கோடு, கோலாலம்பூருக்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் ஆலோசனைதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் இருவரும் ஆளுக்குப் பாதி மதிப்பெண் போடுகிறார்கள். அப்புறம் அது என்ன புள்ளி?

சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்திய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபயோல் 1916இலேயே இதை எழுதிவிட்டார்: ஊழியருக்கு ஆணையிடுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர் என்ற அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. இரண்டு ஆணை மோதும்போது தீர்மானிக்கும் வேலை, அதற்கு அதிகாரமே இல்லாத கீழ் ஊழியரின் தலையில் விழுகிறது. ஆணையிட்ட இருவரும் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

இரட்டை மேலாளர் முறை எங்கும் நடக்காது என்று சொல்லவில்லை. இருவரும் தினமும் பேசி, முரண்பாட்டைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் இடத்தில் நடக்கும். எங்கள் மேலாளர்கள் மாதம் ஒருமுறைதான் பேசுகிறார்கள்.

எனவே கேட்பது இதுதான். லீவு, ஓ.டி., மதிப்பீடு மூன்றுக்கும் உற்பத்தி மேலாளர் ஒருவரே கையெழுத்திடட்டும். பதிவு பூட்டியிருக்கும்போது அவசரச் சரக்கை எந்தப் பாரத்தில் கொடுப்பது என்ற விதியைக் கணக்குப் பிரிவு வகுக்கட்டும். ஆனால் அது உற்பத்தி மேலாளர் வழியாக வரவேண்டும், கிராணியின் கைப்பேசிக்கு அல்ல. மேலாளர்கள் இருவரும் குறுக்காக நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். மேலிடத்துக்குத் தெரிந்து நடந்தால் ஃபயோலே அதை அனுமதிக்கிறார்.

கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் அவர் இழுப்பறையில் இருக்கிறது, உற்பத்தி மேலாளரின் கையெழுத்தோடு. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து மேசை ஊழியர்