‘பாஸ் உத்தரவாதம்’ விற்பவர்களை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எங்கள் பிள்ளைகளின் போன்களுக்கு வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இரண்டு விதமான செய்திகள் வருகின்றன. ஒன்று, “வினாத்தாள் கையில் இருக்கிறது.” மற்றது, “கணிதத்தில் சித்தி நிச்சயம், பெயிலானால் பணம் திரும்ப.” முதலாவதைச் சந்தேகப்படுகிற பெற்றோர்கூட இரண்டாவதில் விழுந்துவிடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறவன் ஏமாற்றுவானா என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். கணவர் கட்டாரில் உழைத்து அனுப்பிய காசு அது.

அந்த வியாபாரத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவன் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தில் 40 பிள்ளைகளிடம் ஆளுக்கு 25,000 ரூபா வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 10 இலட்சம். அதன்பிறகு அவன் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. அந்த 40 பேரில் 24 பேர் தங்கள் சொந்தப் படிப்பாலேயே சித்தியடைகிறார்கள். மிச்சம் 16 பேருக்கும் சொன்னபடியே காசைத் திருப்பிக் கொடுத்தாலும் போவது 4 இலட்சம்தான். 6 இலட்சம் அவனுக்கு. சித்தியடைந்த 24 வீடுகளும் “அண்ணன் செய்து தந்தார்” என்று அடுத்த வருடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும். பிள்ளை இரவிரவாகப் படித்து எடுத்த புள்ளிக்கு இன்னொருவன் பேர் வாங்குகிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இது அவன் நாணயமாக நடந்தால் வரும் கணக்கு. பெறுபேறு வந்த அன்றே நம்பரை மாற்றிவிட்டால் 10 இலட்சமும் அவனுக்குத்தான்.

புள்ளியைக் கூட்டிப்போட விடைத்தாள் திருத்தும் இடத்தில் தங்களுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்வார்கள். விடைத்தாளில் பிள்ளையின் பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்தான். எந்த ஊர்த் தாள் எந்த நிலையத்தில் யார் கைக்குப் போகும் என்பது பிள்ளைக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் முன்கூட்டியே தெரியாது. உதவிப் பரீட்சகர்கள் சிவப்புப் பேனாவால் திருத்தி, முன்பக்கத்தில் தங்கள் குறியீட்டு எண்ணைப் போட்டு ஒப்பமிட வேண்டும். பிரதம பரீட்சகர் ஊதாப் பேனாவால் பார்ப்பார். யார் எந்தப் புள்ளியைப் போட்டார் என்பது தாளிலேயே நிற்கும்.

சரி, வினாத்தாள் விற்பவர்களுக்கு வருவோம். அவர்கள் காட்டும் பெரிய ஆதாரம், “போன வருடம் முதல்நாளே போட்டோம், திகதியைப் பார்” என்கிற டெலிகிராம் பதிவு. பரீட்சைக்கு முதல்நாள் ஏதாவது ஒரு படத்தைச் சனலில் போட்டு வைப்பார்கள். பரீட்சை முடிந்து உண்மையான தாள் வெளியே வந்ததும் அதே பதிவைத் திருத்தி, பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய படத்தை வைப்பார்கள். திகதியும் நேரமும் பழையபடியே இருக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக edited என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. நூறு ஊகக் கேள்விகளைப் போட்டுவிட்டு, வராதவற்றை அழித்துவிட்டு, வந்த நாலைந்தை மட்டும் விட்டுவைப்பது.

உண்மையிலேயே தாள் வெளியே போன சந்தர்ப்பமும் நடந்திருக்கிறது. 2023 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தபோது விவசாய விஞ்ஞானம் இரண்டாம் வினாத்தாள் கசிந்தது. பரீட்சைத் திணைக்களம் அதை இரத்துச் செய்து, பெப்ரவரி 1 ஆம் திகதி அந்தப் பாடத்தின் இரண்டு பகுதிகளையும் புதிதாக நடத்தியது. காசு கொடுத்துத் தாள் வாங்கிய ஒருவர் இருந்திருந்தால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து புதிய தாளுக்குத்தான் விடை எழுதியிருப்பார்.

காசு போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. முற்பணம் அனுப்பும்போது பிள்ளையின் சுட்டெண்ணையும் அடையாள அட்டைப் படத்தையும் கேட்டு வாங்குகிறார்கள். அப்புறம் மிச்சக் காசு தராவிட்டால் அதிபருக்கும் திணைக்களத்துக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டல். பெறுபேறு இரத்தாகும், ஐந்து வருடம் பரீட்சை எழுத முடியாது என்று தெரிந்த பிள்ளை வீட்டில் வாய் திறக்காது. அம்மாவின் நகையை ஒளித்து எடுத்துக்கொண்டுபோய் அடகு வைக்கிற நிலை இப்படித்தான் வருகிறது. ஏற்கெனவே சிக்கிய பிள்ளையைத் திட்டுவதை விட்டு, முதலில் அதனோடு உட்கார்ந்து பேசுங்கள். செய்திகளை அழிக்க விடாதீர்கள். போன் இலக்கம், சனலின் பெயர், காசு அனுப்பிய பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். இனி ஒரு சதமும் அனுப்பக் கூடாது.

முறைப்பாட்டுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இருக்கிறது, பொலிசாருக்கு 119. பரீட்சை நேர அட்டவணையை நீங்கள் பிரசுரிக்கும்போது இந்த இரண்டு இலக்கங்களையும் அதன் கீழேயே பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுகிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை