மாட்டுக்குச் சோறு ஊட்டிய படம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வெள்ள நிவாரணப் படங்கள் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். அதில் நாலு தம்பிகள் ஒரு பசுமாட்டுக்கு அன்னக்கூடையில் சோறு வைக்கிற படம். கீழே ‘பசியால் வாடிய பசுவுக்குச் சோறூட்டி நெகிழ வைத்த இளைஞர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது ஐயா, வேறு காரணத்துக்காக. அந்த மாடு மறுநாள் எழுந்ததா என்று உங்கள் நிருபர் போய்ப் பார்த்தாரா?

நான் கொள்ளிடத்துப் படுகையில் மாடு, ஆடு வைத்துப் பிழைப்பவள். 2022 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் போனது உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்கள்தான் தினமும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். எங்கள் கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். வைக்கோல் போர் அடியோடு ஊறிப்போனது. மாடுகளைக் கரைமேல் கட்டிவிட்டு இரண்டு நாள் பூவரசந்தழையை ஒடித்துப் போட்டு ஒப்பேற்றினோம். மூன்றாம் நாள் ஒரு வேனில் முகாமில் மிஞ்சிய சோறு வந்தது. என் செவலைப் பசு கன்று போட்டு நாலு மாதம், பசி தாங்காமல் ஒரு பெரிய பாத்திரம் சோற்றையும் வழித்துத் தின்றது. நானும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வாங்கி வைத்தேன், பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் அசை போடவில்லை. இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் கை வைத்து அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. சாணி கூழாகப் போனது, புளித்த கஞ்சி நாற்றம், நடுவில் பருக்கை பருக்கையாகச் சோறு. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது, நடக்கச் சொன்னால் குடிகாரன் மாதிரி தள்ளாடியது. படுத்து, தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொண்டது. ராத்திரி போய்விட்டது.

பிறகு ஒரு மாட்டு டாக்டர்தான் விளக்கினார். மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகியவை. காய்ந்த வயிற்றில் திடீரென்று சோறோ அரிசியோ நிறைய விழுந்தால் அது சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும், உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் 100 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டு, வெறும் வைக்கோல் மட்டும் போட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். புகட்டும்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போனால் அதுவே எமன். இதெல்லாம் செவலை போன பிறகு நான் படித்த பாடம். சோறு கொண்டுவந்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சரி, அப்போது என்னதான் போடுவது என்று கேட்பீர்கள். காய்ந்த வைக்கோல், அவ்வளவுதான். கறவை நின்றாலும் பரவாயில்லை, உயிர் பிழைத்தால் போதும் என்றால், ஒரு பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோலும் அரைக் கிலோ தவிடோ புண்ணாக்கோ இருந்தால் ஒரு வாரம் தள்ளலாம். எங்கள் படுகை முழுக்க வாழை. வெள்ளத்தில் சாய்ந்த வாழையை எல்லாரும் நஷ்டக் கணக்கில்தான் எழுதுகிறார்கள், அந்தத் தண்டைப் பொடியாக நறுக்கி வைக்கோலோடு கலந்து போட்டால் மாடு தின்னும். ஆனால் அதில் பெரும்பாலும் தண்ணீர்தான், அதை மட்டுமே போட்டால் வயிறு நிறையும், தெம்பு வராது. வெள்ளம் வடிந்த இடத்துப் புல்லில் சேறு அப்பிக் கிடக்கும், அலசாமல் போடக் கூடாது.

வைக்கோல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஐந்தாம் நாள் எங்களுக்கும் ஒரு லாரி வைக்கோல் வந்தது, தார்ப்பாய் இல்லாமல், மழையில் நனைந்துகொண்டே. கட்டைப் பிரித்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு, வெள்ளையும் கறுப்புமாகப் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்ததைச் சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம் என்று எங்கள் ஊர்க் கிழவிக்கே தெரியும். ‘கால்நடைகளுக்குத் தீவனம் விநியோகம்’ என்று அதற்கும் படம் போட்டீர்கள்.

அந்த வாரமே உங்கள் செய்தி ஒன்றில் ‘மாடுகளை விட்டுவர மறுத்துப் பொதுமக்கள் அடம்’ என்று இருந்தது. அடமா ஐயா? மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். நேரம் இல்லாமல் இல்லை, இடம்தான் இல்லை. மனுஷருக்குப் பள்ளிக்கூடம் என்று தண்டோரா போட்டவர்கள் மாட்டுக்கு எங்கே என்று சொல்லவில்லை. கடைசியில் எல்லாரும் கரைக்குத்தான் ஓட்டினோம். கரை என்பது ரோடு. ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் ஆறு, நடுவில் முளைக்குச்சி. சரிவில் கட்டினால் கயிறு இருக்கிற நீளத்துக்கு மாடு கீழே சறுக்கி, கால் மேடாகவும் முதுகு பள்ளமாகவும் விழுந்து எழ முடியாமல் வயிறு ஊதிவிடும். பக்கத்து வீட்டுக் கிடேரி அப்படித்தான் போகப் பார்த்தது, நாலு பேர் சேர்ந்து புரட்டிவிட்டோம். ஒரு மாட்டுக்கு 10 அடிக்கு 4 அடி சமதளம் போதும். எங்கள் ஊரிலேயே மேட்டில் ஒரு நெல் களம் காலியாகக் கிடந்தது. பூட்டி, சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

ஓட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஆடு, கன்று, நிறைசினை மாடு இவை முதலில், தண்ணீர் முழங்கால் தொடுவதற்கு முன்னால். கன்றைப் படகில் ஏற்றினால் தாய் பின்னாலேயே நீந்தி வரும். கழுத்துக் கயிற்றைத் தொங்கவிட்டால் எதிலாவது மாட்டிக்கொள்ளும், கொம்பில் சுற்றிக் கட்டிவிட வேண்டும். எதுவுமே முடியாது என்றால் கட்டை அவிழ்த்தாவது விட்டுவிட்டு வரவேண்டும். கட்டிய மாடுதான் முதலில் சாகும்.

நிவாரணத்தையும் விடுவானேன். செவலை செத்த நாளில் டாக்டர் வர வழியில்லை, நாற்றம் எடுக்கும் முன் நாங்களே புதைத்தோம். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லை, அதனால் பணம் இல்லை என்றார்கள். ஒரு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மாட்டுக்கான தொகையை 37,500 ரூபாயாக உயர்த்தியதாக உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். சந்தோஷம். அது யாருக்கு என்றுதான் தெரியவில்லை. புதைக்கும் முன் காதில் இருக்கிற எண் தெரிகிற மாதிரி நாலு படம், பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நிறைய எழுதிவிட்டேன், நீங்கள் பாதியை வெட்டுவீர்கள் என்று தெரியும். கேட்பது இரண்டே இரண்டு. ஐப்பசி பிறப்பதற்குள் நீங்கள் வழக்கமாகப் போடுகிற நிவாரண முகாம் பட்டியலில் ‘மாடு கட்ட இடம்’ என்று ஒரு வரி சேர்த்து அதிகாரிகளிடம் கேட்டு நிரப்புங்கள். இடம் இல்லை என்றால் ‘இல்லை’ என்றே போடுங்கள். அப்புறம், இனிமேல் சோறூட்டும் படம் வந்தால் அதன் கீழே ‘மாட்டுக்குச் சோறு வேண்டாம், வைக்கோல் கொடுங்கள்’ என்று ஐந்து சொல் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் நெகிழ்ச்சியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
மூன்று மாட்டில் இரண்டு மிச்சமிருக்கும் வாசகி,
கொள்ளிடம் படுகை.