ஆண்டறிக்கை: சொல்வது ஒன்று, காட்டுவது ஒன்று

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. இந்த வருஷம் நாம் எடுத்த குறும்படத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து எடுப்பவர்களுக்கு அது பயன்படும்.

கதை தெரிந்ததுதான். செல்லூரில் ஒரு பழைய தறி வீடு, இறந்துபோன அம்மாவைக் கடைசிவரை தானே பார்த்துக்கொண்டதாகப் படம் முழுக்க ஒரு மகனின் குரல் சொல்கிறது. அவர் வரவே இல்லை என்பதைப் படம் காட்ட வேண்டும், குரல் ஒரு இடத்திலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

முதல் எழுத்தில் "அம்மாவை நல்லா வச்சிருந்தேன்" என்று இருந்தது. இதைக் காட்சியால் மறுக்க முடியாது, நல்லா என்றால் என்ன என்று யார் சொல்வது? அதனால் கண்ணால் சரிபார்க்கக்கூடிய வரியாக மாற்றினோம்: "தினமும் காலையில் நான்தான் காலண்டர் தாளைக் கிழிப்பேன்." சுவரில் தாள் சித்திரையிலேயே நிற்கிறது, ஜன்னலுக்கு வெளியே பொங்கல் கரும்புக் கட்டு சாய்ந்திருக்கிறது.

வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டியபோது, "காலண்டரை மாத்த மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். இந்த வகைப் படத்தில் பெரிய ஆபத்தே இதுதான். ஒற்றை முரண்பாடு படமெடுத்தவரின் கவனக்குறைவாகத்தான் தெரியும். மூன்று முரண்பாடுகள் வந்து, மூன்றும் பேசுபவருக்குச் சாதகமான பக்கமே சாய்ந்தால்தான் பொய் அவருடையது என்று பார்ப்பவருக்குப் புரியும். அதனால் காலண்டருக்கு முன்னால், "என் கையால் கொடுத்தால்தான் காபி குடிப்பாங்க" என்ற வரியில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை டம்ளரை வைக்கிறது. பின்னால், "இந்த வீட்டுச் சாவி எப்பவும் என் பையில்தான்" என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா தன் கொத்திலிருந்து எடுத்துத் திறந்துவிடுகிறார்.

வெட்டும் இடமும் முக்கியம். வரி ஓடும்போதே மறுப்பைக் காட்டினால் தியேட்டரில் சிரிப்பு வந்துவிடும். வரி முடிந்து, இரண்டு விநாடி சும்மா விட்டு, அப்புறம் வளையல் ஃபிரேமுக்குள் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. இதற்காகவே குரலை முதலில் பதிவு செய்து அதன்மேல் காட்சிகளை அடுக்கினோம்.

பேசிய தம்பி முதலில் குரல் நடுங்க, குற்றவுணர்ச்சியோடு வாசித்தார். அப்படி வாசித்தால் காட்சிக்கு வேலையே இல்லை, குரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நம்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி பேசச் சொன்னோம். ஃபேனை நிறுத்தி, சுவரில் போர்வை கட்டி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிந்தோம். யாரும் பேசாத அறைச் சத்தத்தையும் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டோம், வரிகளுக்கு நடுவே இட்டு நிரப்ப அது இல்லாமல் முடியாது.

அடுத்த ஆண்டுப் படத்துக்குக் கதை தருபவர்கள், குரல் வரிகளை இடப்பக்கமும் காட்சியை வலப்பக்கமும் எழுதி, ஆடி மாதக் கூட்டத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்