‘ஆன் ஹோல்டு’ மெயில் அனுப்பும் எச்.ஆர். நண்பர்களுக்கு, பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் அனுப்பும் மெயில்கள் எனக்கு வருவதில்லை, ஆனால் நிறையப் படிக்கிறேன். பாம்பனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். இங்கே பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் நடக்கும். அதற்கு முன்னால் சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் சில வருஷம் இருந்தேன். அது ஊருக்குத் தெரியும் என்பதால் மண்டபம், தங்கச்சிமடம், உச்சிப்புளிப் பக்கத்துப் பிள்ளைகள் போனை என் முன்னால் நீட்டி, “மாமா, இது வேணாம்னு சொல்றாங்களா, இருன்னு சொல்றாங்களா?” என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலை நீங்களே மெயிலில் எழுதியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம், அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேலை இல்லை என்று எழுதுவதில் எங்களுக்குக் கோபம் கிடையாது. ‘மற்ற விண்ணப்பதாரர்களோடு அடுத்த கட்டத்துக்குப் போக முடிவு செய்திருக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் கதை முடிந்தது. அதில் ‘அட் திஸ் டைம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குத்தானே இல்லை, அடுத்த மாதம் கூப்பிடுவார்களோ என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி போகும் டெம்ப்ளேட்டில் கிடக்கும் சொல், யாரும் யோசித்துப் போட்டதில்லை என்று சொல்லிப் புரியவைப்பேன். ‘உங்கள் ரெஸ்யூமைக் கைவசம் வைத்திருப்போம்’ என்பதும் அப்படித்தான். பொய் இல்லை, சாஃப்ட்வேரில் பெயர் இருக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த இடம் காலியாகும்போது நம்மில் பெரும்பாலானவர்கள் புதுசாக விளம்பரம் போடுவோம், பழைய பட்டியலைத் தோண்டுவது அபூர்வம். எனவே அந்த வரியை நம்பிக் காத்திருக்காதே, மறுபடி விளம்பரம் வந்தால் மறுபடி விண்ணப்பம் போடு என்பதுதான் என் பதில். விண்ணப்பம் போட்ட பத்து நிமிஷத்தில் மறுப்பு வந்தால் அதை மனுஷர் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அனுபவம் எத்தனை வருஷம், சென்னைக்கு மாறத் தயாரா என்ற கேள்விகளில் ஏதோ ஒன்றில் மெஷினே கழித்துவிட்டிருக்கும். வேலைத் தளங்களில் இருக்கும் ஊரை ராமநாதபுரம் என்று போட்டுவிட்டு, விரும்பும் ஊர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஊரை வைத்து வடிகட்டும்போது அங்கேயே போய்விடுகிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், திருத்திக்கொள்ளலாம்.

தலைவலி ‘ஆன் ஹோல்டு’தான். அந்த ஒரு வார்த்தைக்குள் நீங்கள் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டு அனுப்புகிறீர்கள். ஒன்று, வேலையே நின்றுபோனது: பட்ஜெட் வரவில்லை, அல்லது மேலே இருப்பவர் ஆள் எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு, வேலை இருக்கிறது, ஆனால் இன்னொருவருக்கு ஆஃபர் கொடுத்தாயிற்று. அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாததால் அடுத்த இடத்தில் இருப்பவரைக் கையில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது, வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் ஹோல்டு என்று எழுதிவிடுவது. இது மூன்றும் படிப்பவர் செய்ய வேண்டியதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் மெயில் ஒரே மாதிரி இருக்கிறது.

ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பி.காம். முடித்தவள், அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வெளியூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இரண்டு ரவுண்டு முடித்தாள். இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டு, மார்க்ஷீட் நகலும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் மார்ச் முதல் வாரத்தில் மெயில் வந்தது: உங்கள் புரொஃபைல் பிடித்திருந்தது, இப்போதைக்கு ஹோல்டில் வைத்திருக்கிறோம், ஏதாவது தகவல் இருந்தால் தெரிவிக்கிறோம். அவ்வளவுதான். எதை ஹோல்டில் வைத்தார்கள், வேலையையா, அவளையா? எழுவாயே இல்லாத வாக்கியம்.

அதே வாரம் மண்டபம் பக்கத்தில் ஒரு மீன் கம்பெனி அலுவலகத்தில், சம்பளம் கொஞ்சம் குறைவாக, சேரச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும், அந்த 61 நாளும் வீட்டில் வருமானம் சுருங்கிவிடும். அதனால் ஹோல்டு என்றால் என்ன என்பது அவளுக்கு வெறும் ஆர்வத்தில் கேட்கிற கேள்வியில்லை. அவள் அம்மாவும் கூடவே கடைக்கு வந்திருந்தார்.

நான் முதலில் பார்த்தது யார் அனுப்பியது என்பதை. noreply என்று தொடங்கும் முகவரியாக இருந்தால் அதற்குப் பதில் எழுதிப் புண்ணியமில்லை, யாரும் திறக்க மாட்டார்கள். இது இன்டர்வியூவுக்கு நேரம் குறித்த அதே எச்.ஆரின் சொந்த முகவரியிலிருந்து, பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது, நல்ல அறிகுறி. அடுத்தது, எந்தக் கட்டத்தில் வந்தது? சம்பளம் பேசி, சான்றிதழ் வாங்கின பிறகு வந்திருக்கிறது. ஆள் வேண்டாம் என்றால் பொதுவாக யாரும் மார்க்ஷீட் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தோம். மற்ற வேலைத் தளங்களில் பழைய விளம்பரம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதை நம்பக் கூடாது. கம்பெனி பக்கத்தில் அதே வேலை புதுத் தேதியோடு மறுபடி போடப்பட்டிருந்தால், நிறுத்தி வைக்கப்பட்டது வேலை இல்லை, நீதான் என்று அர்த்தம். இங்கே அந்த விளம்பரத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள், மற்ற வேலைகள் அப்படியே இருந்தன. ஆள் எடுப்பதை மொத்தமாக நிறுத்தியிருந்தால் எல்லாமே போயிருக்கும். ஆக, யாரோ ஒருவர் ஆஃபரை வாங்கிவிட்டார், இவள் இரண்டாவது இடத்தில் இருக்கிறாள் என்று ஊகித்தேன். ஊகம்தான், நிச்சயம் என்று அவளிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் எழுதாத ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் வேலையில் இருப்பவர் ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே வர 30 நாள், 60 நாள், சில இடங்களில் 90 நாள் கூட ஆகும். அந்த இடைவெளியில் ஆஃபர் வாங்கினவர் பழைய கம்பெனியிலேயே சம்பளம் கூட்டித் தங்கிவிடலாம், வேறு ஆஃபருக்குப் போகலாம். அதனால்தான் இரண்டாவது ஆளை விடாமல் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் பின்தொடர்ந்து மெயில் போடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாததால் மூன்றாம் நாள் ஒரு மெயில், ஏழாம் நாள் ஒரு மெயில், அப்புறம் வாட்ஸ்அப், அப்புறம் போன் என்று போய், நீங்கள் எரிச்சலாகி, வர இருந்த வேலையும் வராமல் போகிறது.

அவளை அன்றைக்கே ஒரே ஒரு பதில் எழுதச் சொன்னேன், அதே மெயிலுக்கு ரிப்ளையாக. சாரம் இதுதான்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. எனக்கு இன்னும் இந்த வேலையில் விருப்பம் இருக்கிறது. நிறுத்தப்பட்டிருப்பது இந்தப் பணியிடமா அல்லது என் விண்ணப்பம் மட்டுமா என்று சொல்ல முடியுமா? எனக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம் எழுத வேண்டாம், அதை வைத்து அவர்களால் முடிவெடுக்க முடியாது. வேறு வேலை வந்திருக்கிறது என்பதை உண்மையாக இருந்தால் மட்டும்தான் எழுத வேண்டும், சும்மா எழுதினால் “சரி, அதில் சேர்ந்துகொள்ளுங்கள், வாழ்த்துகள்” என்று பதில் வரும், அதோடு முடிந்தது.

மறுநாள் அந்த எச்.ஆரிடமிருந்து பதில் வந்தது, இரண்டே வரி. தேர்வானவர் மே முதல் வாரம் சேர வேண்டும், அவர் சேராவிட்டால் உங்களைத்தான் கூப்பிடுவோம், அதுவரை உறுதி எதுவும் தர முடியாது. அந்த அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றார். பிள்ளை அன்று மாலையே மீன் கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். மே இரண்டாவது வாரம் ஒரு மெயில் போட்டுப் பார்த்தாள், அதற்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. தேர்வானவர் சேர்ந்துவிட்டார் என்று பதில் வந்தது. வருத்தம்தான், ஆனால் வீட்டில் ஏப்ரல் மாதச் சம்பளம் வந்திருந்தது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. பதிலே வராதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது: மெயில் வந்த ஓரிரு நாளில் ஒரு பதில், பதில் இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று, கடைசியாக இரண்டு மாதம் தாண்டி ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். இன்டர்வியூவே நடக்காத வேலை என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள். தெளிவான மறுப்பு வந்த பிறகு மறுபடி யோசிக்கச் சொல்லி எழுதாதே. இன்டர்வியூ வரை போயிருந்தால் எதில் குறைந்தேன் என்று ஒரு தடவை கேட்கலாம், ஆனால் பல கம்பெனிகளில் அதை எழுத்தில் சொல்லக் கூடாது என்றே உத்தரவு இருக்கும், பதில் வராததை மனசில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் உங்களால்தான் நடக்கிறது. மெயில் தெளிவில்லாமல் இருப்பதால், “உங்க அப்ளிகேஷன் ஹோல்டுல இருக்கு, டெபாசிட் கட்டினா ரிலீஸ் பண்ணிடலாம்” என்று எவனாவது போன் செய்தால் நம்பிவிடுகிறார்கள். ஹோல்டை எடுக்கப் பணம் கேட்கும் கம்பெனி கிடையாது என்று கடையில் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டெம்ப்ளேட்டில் ‘ஹோல்டு’ என்று வருகிற இடத்தில் வேலையா ஆளா என்று ஒரு வார்த்தை, எந்தத் தேதிக்குப் பிறகு கேட்கலாம் என்று இன்னொரு வரி, பதில் எழுதினால் ஒரு மனுஷருக்குப் போகிற முகவரி. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், இந்தக் கரையில் யாரும் அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. டெம்ப்ளேட்டை மாற்ற மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்வீர்கள், தெரியும், நானும் வாங்கப் போயிருக்கிறேன். அனுமதி வரும்வரை, சம்பளம் வரை பேசி முடித்தவர்களுக்கு மட்டுமாவது அந்த இரண்டு வரியைக் கையால் டைப் செய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கம்ப்யூட்டர் கடைக்காரன்