ஞாயிற்றுக்கிழமையில் விழும் அட்வான்ஸ் டாக்ஸ் தவணை: நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தினருக்கு,

வணக்கம். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். 1994 ஜனவரி 14 அன்று நீங்கள் வெளியிட்ட 676-ஆம் எண் சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். அட்வான்ஸ் டாக்ஸ் தவணையின் கடைசி நாளில் வரி வாங்கும் வங்கி மூடியிருந்தால், அடுத்த வேலை நாளில் கட்டலாம். அதற்காக 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 234பி, 234சி பிரிவுகளின் வட்டி விதிக்கப்படாது. அது சொல்வது இவ்வளவுதான். 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் இதையே பொதுவாகச் சொல்கிறது: ஒரு காரியத்தை அலுவலகத்தில் முடிக்க வேண்டிய கடைசி நாளில் அது மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் முடித்தாலும் உரிய காலத்தில் முடித்ததாகவே கொள்ள வேண்டும்.

நான் கணக்குப் பார்க்கும் மரச்சாமான் கடைக்காரர் ஒருவருக்கு 2024-25 நிதியாண்டுக்கான வரி 2,00,000 ரூபாய். டிசம்பர் 15-க்குள் அதில் முக்கால் பங்கு, அதாவது 1,50,000 சேர்ந்திருக்க வேண்டும். ஜூனிலும் செப்டம்பரிலும் மொத்தம் 90,000 கட்டியாகிவிட்டது. மீதி 60,000. 2024 டிசம்பர் 15 ஞாயிறு. அவர் இணைய வங்கியைத் தொடாத மனிதர். திங்கள் காலையில் செலானும் காசோலையுமாக வங்கிக்குப் போய், முத்திரை பதித்த துண்டோடு என்னிடம் வந்தார். தேதி டிசம்பர் 16.

மறு ஆண்டு ரிட்டர்ன் தயாரித்தபோது, நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் 1,800 ரூபாய் வட்டியைச் சேர்த்துவிட்டது. அது செலானின் தேதியை மட்டும் பார்த்தது, கிழமையைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவா என்று கடைக்காரர் அதிர்ந்தார். 234சி அப்படித்தான் அமைந்திருக்கிறது. முதல் மூன்று தவணைகளில் எது குறைந்தாலும், குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு வட்டி; ஒரு நாள் பிந்தினாலும் அதே கணக்குத்தான். மார்ச் தவணைக்கு மட்டும் ஒரு மாதம். ஆகவே கிழமை இங்கே சில்லறை விஷயம் அல்ல. அவர் திங்களன்று கட்டியதால் வட்டி பூஜ்யம். செவ்வாயன்று கட்டியிருந்தால் 1,800 முழுவதும் அவர் தலையில்தான். இந்தச் சலுகை கடைசி நாளை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுகிறதே ஒழிய, கூடுதல் அவகாசம் எதையும் தருவதில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ஜூன் தவணையின் கடைசி நாளான 2024 ஜூன் 15 சனிக்கிழமை. வருமான வரி அலுவலகங்கள் சனிக்கிழமையில் மூடியிருக்கும் என்பதால் அதையும் விடுமுறையாக எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளே விடுமுறை. 15-ஆம் தேதி சனிக்கிழமையானால் அது எப்போதும் மூன்றாவது சனிக்கிழமைதான். பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. வேறு விடுமுறை குறுக்கிடாவிட்டால் அன்று வங்கி திறந்திருக்கும், சுற்றறிக்கை கைகொடுக்காது. ஆனால் 10-ஆம் பிரிவு பேசுவது அலுவலகத்தைப் பற்றி. வரி கட்டும் காரியத்துக்கு எது அலுவலகம், வங்கியா, உங்கள் அலுவலகமா? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று. 1994-இல் வங்கிக் கவுன்ட்டர்தான் வழி. இன்று நிறுவனங்களும் கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டவர்களும் மின்வழியில்தான் வரி கட்ட வேண்டும். இணைய வங்கிக்கு ஞாயிறு ஏது, பொங்கல் ஏது? அப்படியானால் அவர்களுக்கு வங்கி 'மூடியிருக்கிறதா'? மூடவில்லை என்று ஒரு அதிகாரி சொன்னால், சுற்றறிக்கையில் பதில் இல்லை. என் வாடிக்கையாளர்களிடம் இணையத்தில் கட்டுகிறவர்கள் ஞாயிறன்றே கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். துணிச்சல் போதாது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். வட்டி கட்டப்போவது நான் அல்லவே.

இரண்டு வேண்டுகோள்கள். மின்வழியில் கட்டுகிறவர்களுக்கும் விடுமுறைச் சலுகை உண்டா இல்லையா என்பதை, சனிக்கிழமைக் குழப்பத்தையும் சேர்த்து, ஒரு புதிய சுற்றறிக்கையில் ஒரே பத்தியில் எழுதிவிடுங்கள். உண்டு என்றால், ஒவ்வொரு ஆண்டும் தவணைத் தேதிகளை வெளியிடும்போதே, ஞாயிறில் விழுவதற்குப் பக்கத்தில் திங்களின் தேதியையும் அச்சிடுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே வட்டிக் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள். கடைக்காரரின் முத்திரைத் துண்டை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன், 2024 டிசம்பர் மாத நாட்காட்டித் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி.

இப்படிக்கு,
ஒரு கணக்கு எழுத்தர்