வர்த்தகம் குறைந்தால் ஊகம் அடங்கியதாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பங்கு வர்த்தகத்தின் மீதான பரிவர்த்தனை வரி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வரி வந்தபின் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை குறைகிறது, ஆகவே ஊகவணிகம் தணிகிறது என்கிறார் கட்டுரையாளர். முதல் பாதி சரி. அந்த ‘ஆகவே’யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தரகு அலுவலகம் ஒன்றில் பல வருடங்கள் கணக்குத் தீர்க்கும் மேசையில் இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வரியின் கணக்கு எளிமையானது. வாங்கும்போது 0.5 சதவீதம், விற்கும்போது 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம்தான் செலவு. அதே பணத்தைத் தினமும் ஒருமுறை போட்டு எடுப்பவருக்கு, 250 வர்த்தக நாட்களில் போட்ட பணத்தைப் போல இரண்டரை மடங்கு வரியாகப் போய்விடும். 1936-லேயே பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் இப்படியொரு வரியைப் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இருந்ததும் இந்த வேறுபாடுதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அடிக்கடி வாங்கி விற்பவர்கள் எல்லாரும் ஊக வணிகர்கள் இல்லை. திரையில் ஒரு பங்குக்கு ‘வாங்க 99.95, விற்க 100.05’ என்று இரு பக்கமும் விலை போட்டுக் காத்திருப்பவர் ஒருவர் உண்டு. இடையில் உள்ள 0.10தான் அவர் பிழைப்பு. நாம் அவசரமாக விற்கப் போகும்போது வாங்கிக்கொள்வது அவர்தான். மேலே சொன்ன வரி அவருக்கும் உண்டென்றால், ஒரு சுற்றுக்கு 1.00 கட்ட வேண்டும். அவர் ஒன்று விலகிப்போவார், இல்லையென்றால் 99.40, 100.60 என்று இடைவெளியை அகட்டுவார். அதன்பின் ஒருவர் வாங்கி அடுத்தவர் விற்றாலே விலை 1.20 குதிக்கும். பெரிய விற்பனை ஒன்று வந்தால், தாங்க ஆளில்லாமல் இன்னும் கீழே போகும். வர்த்தகம் குறைந்துவிட்டது, விலையின் ஆட்டமோ குறையவில்லை.

ஸ்வீடனில் இது நடந்தே பார்த்தாகிவிட்டது. அங்கே 1984-ல் பங்கு வாங்க 0.5, விற்க 0.5 சதவீதம் என்று வரி வந்தது. 1986-ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். வரி உள்நாட்டுத் தரகர் வழியாக நடக்கும் வர்த்தகத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டவர் லண்டன் தரகர் மூலம் அதே ஸ்வீடிஷ் பங்கை வாங்கினால் வரியே இல்லை. என்ன நடக்கும் என்று யாரும் ஊகித்துவிடலாம். அதிகம் கைமாறிய 11 பங்குகளின் வர்த்தகத்தில் சுமார் 60 சதவீதம் லண்டனுக்குப் போய்விட்டது. ஸ்டாக்ஹோமில் எண்ணிக்கை சரிந்தது உண்மை. ஆனால் அந்த வருடங்களின் விலைகளை ஆராய்ந்தவர்கள் ஏற்ற இறக்கம் தணிந்ததாகக் காணவில்லை. 1991 இறுதியில் வரியையே எடுத்துவிட்டார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே முத்திரைத் தீர்வை தரகரைப் பார்ப்பதில்லை, நிறுவனத்தைப் பார்க்கிறது. பிரிட்டனில் பதிவான நிறுவனத்தின் பங்கை உலகின் எந்த மூலையிலிருந்து வாங்கினாலும் வாங்குபவர் 0.5 சதவீதம் கட்ட வேண்டும். அதனால் அது ஓடிப்போகாமல் இன்றும் நல்ல வருமானம் தருகிறது. இரு பக்கமும் விலை போடும் இடைத்தரகருக்கு விலக்கும் உண்டு. ஆனால் ஊகவணிகர் பங்கையே தொடாமல், விலை வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் போட்டால் தீர்வை கிடையாது. குறுகிய காலப் பந்தயக்காரர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். டெலிவரி எடுத்து வைத்திருப்பவர் மட்டும் முழுசாகக் கட்டுகிறார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிரான்ஸின் சட்டம். 2012-ல் 0.2 சதவீதத்தில் தொடங்கிய அந்த வரி, நாள் முடிவில் ஒருவர் கணக்கில் நிகரமாகக் கூடிய பங்குகளுக்கு மட்டும்தான். காலையில் பத்தாயிரம் பங்கு வாங்கி மாலைக்குள் அத்தனையும் விற்றவருக்கு நிகரம் பூஜ்யம், வரியும் பூஜ்யம். ஓய்வுக்காலத்துக்கென்று நூறு பங்கு வாங்கி வைத்தவர் அந்த நூறுக்கும் கட்டுகிறார். ஊகத்தைத் தடுக்கும் வரி என்று பேசப்பட்ட ஒன்று, வேகமாக ஓடுபவரை விட்டுவிட்டு நின்றவரைப் பிடித்தது.

நான் இந்த வரிக்கு எதிரி இல்லை. அரசுக்கு வருமானம் வேண்டும் என்று சொல்லி வசூலித்தால் அது நேர்மையான காரணம். ஊகத்தைத் தணிக்க என்று சொன்னால், அன்றே வாங்கி அன்றே விற்பவருக்கு வரி உண்டா, பங்கை ஒட்டிய ஒப்பந்தங்களுக்கு உண்டா என்று சட்டத்தின் விலக்குப் பட்டியலைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். கட்டுரையில் அந்தப் பட்டியல் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அடுத்த இதழிலாவது அதையும், வரிக்கு முன்னும் பின்னும் இருந்த வாங்கும் விலை, விற்கும் விலை இடைவெளியையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட கால வாசகர்